அழைப்புக் கடிதத்தில் ஒரு சிவப்பு முத்திரை



வீசா பற்றிப் பேசக் கணக்காளன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உணவகங்களுக்கு எவர்சில்வர் மேசைகளும் தொட்டிகளும் இறக்குமதி செய்யும் நண்பர் ஒருவருக்கு நான்தான் கணக்குப் பார்க்கிறேன். பொருட்கள் சீனாவின் ஃபோஷான் நகரிலிருந்து வருகின்றன. 30 வீத முற்பணம் கட்டியாயிற்று. மிச்சத்தைக் கட்டுமுன் தொழிற்சாலையை நேரில் பார்க்க நண்பரும் அவரது மைத்துனரும் புறப்பட்டார்கள்.

நண்பரிடம் இருப்பது அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு. 2024 ஜூலையில் சீனா அதற்கு வீசா விலக்கு அளித்தது. முதலில் 15 நாள், அந்த ஆண்டு நவம்பர் இறுதியிலிருந்து 30 நாள். வியாபாரப் பயணமும் அதில் அடங்கும். (இது தவணை வைத்துக் கொடுக்கப்படும் சலுகை. பயணச்சீட்டு வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.) மைத்துனருக்கு இங்கே நிரந்தர வதிவிடம் இருந்தாலும், கடவுச்சீட்டு இன்னும் இலங்கையுடையது. அவருக்கு எம் வகை வர்த்தக வீசா வேண்டும். அதற்கு, வியாபாரத் தொடர்புள்ள சீனக் கம்பனி ஒன்றின் அழைப்புக் கடிதம் வேண்டும்.

நண்பர் கைத்தொலைபேசியில் இரண்டு வரி அனுப்பினார்: அடுத்த மாதம் வருகிறோம், அழைப்புக் கடிதம் அனுப்புங்கள். மறுநாளே கடிதம் வந்தது. எனக்குக் காட்டினார். பெயர் இருந்த இடத்தில், மைத்துனரை எல்லோரும் கூப்பிடும் சின்னப் பெயர். பிறந்த திகதி இல்லை. "எல்லாச் செலவும் எங்களுடையது" என்று பழைய மாதிரிக் கடிதத்திலிருந்து எடுத்த வரி ஒன்று. செலவோ நண்பரின் கம்பனியுடையது. விண்ணப்பத்திலும் அப்படித்தான் எழுதப்போகிறோம். இரண்டும் முரண்பட்டால் கேள்வி வரும்.

குறை அந்தப் பிள்ளையிடம் இல்லை. நாம் கொடுக்காததை அவர் எப்படி எழுதுவார்? அன்றிரவு புதிய மின்னஞ்சல் எழுதினோம். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி:

"எங்கள் கொள்முதல் பொறுப்பாளர் உங்களிடம் வருகிறார். கடவுச்சீட்டின் படப் பக்கத்தை இணைத்துள்ளோம். பெயரை அதில் உள்ள எழுத்துகளில், அதே ஒழுங்கில் எழுதவும். ஆண், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் ஆகியவற்றையும் சேர்க்கவும். வரும் நாள் இது, திரும்பும் நாள் இது. நோக்கம், உற்பத்தியைப் பார்வையிட்டு அடுத்த கொள்வனவு பற்றிப் பேசுவது. எத்தனை ஆண்டாக உங்களிடம் வாங்குகிறோம் என்பதையும், செலவு எங்களுடையது என்பதையும் குறிப்பிடவும். போகும் தொழிற்சாலையின் முழு முகவரி, உங்கள் கம்பனியின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் வேண்டும். கையொப்பமிட்டு முத்திரை குத்துமுன் வரைவை அனுப்பினால் சரிபார்த்துத் தருகிறோம்."

பெயரைப் பற்றி இவ்வளவு வற்புறுத்தியதற்குக் காரணம் நம்மவர் பெயர்தான். தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். சொந்தப் பெயர் பின்னுக்கு வரும். சில இடங்களில் தகப்பன் பெயர் ஒற்றை எழுத்தாகக் குறுகிவிடும். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். வீசா நிலையத்தில் கடிதத்தையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டு ஆட்கள். வரைவு கேட்டதற்கும் காரணம் உண்டு. சீனாவில் கம்பனியின் உத்தியோக முத்திரை பெரும்பாலும் முதலாளியிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ இருக்கும். ஒவ்வொரு பிழைக்கும் மறுபடி குத்தச் சொன்னால் நாட்கள் போய்விடும்.

வரைவு சரியாக வந்தது. முத்திரை குத்திய கடிதமும் வந்தது. நடுவில் நட்சத்திரம் உள்ள சிவப்பு வட்ட முத்திரை. சுற்றிச் சீன எழுத்தில் கம்பனியின் பதிவுப் பெயர். நட்சத்திரத்தின் கீழே வேறு எழுத்து இருந்தால் அது ஒப்பந்தத்துக்கோ நிதிக்கோ உரிய தனி முத்திரையாக இருக்கலாம். அழைப்புக் கடிதத்துக்கு அது பொருந்தாது. இதில் அப்படி ஒன்றும் இல்லை.

பழக்கதோஷம், நான் விலைச்சிட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எனக்குச் சீனம் தெரியாது. ஆனால் இரண்டு வரிசை எழுத்துகள் ஒன்றா இல்லையா என்று பார்க்கப் படிக்கத் தெரியவேண்டியதில்லை. நாம் முற்பணம் அனுப்பிய கம்பனியின் பெயர் வேறு, கடிதத்தில் முத்திரை குத்திய கம்பனியின் பெயர் வேறு.

இருவரது வியாபார உரிமப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டோம். அதில் 18 இலக்க எழுத்துகள் கொண்ட பதிவு எண் ஒன்று இருக்கும். ஒரு கம்பனிக்கு ஒன்றுதான். இரண்டு பத்திரத்தில் இரண்டு எண். கேட்டபோது மறைக்காமல் சொன்னார்கள்: நாம் பணம் அனுப்புவது ஒரு வியாபார முகவருக்கு, பொருள் செய்வது வேறு தொழிற்சாலை. இது மோசடி அல்ல, அங்கே வழக்கமான ஏற்பாடு. ஆனால் பொருளில் பழுது வந்தால் யாரிடம் கேட்பது என்பது இதில்தான் இருக்கிறது.

ஆகவே கடிதத்தை மூன்றாவது முறை கேட்டோம். இம்முறை அழைப்பவர், ஒப்பந்தத்தில் உள்ள முகவர். போகும் இடமாகத் தொழிற்சாலையின் பெயரும் முகவரியும். கூடவே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தோம்: மிச்சம் 70 வீதம், நம் ஆள் அந்த முகவரியில் பொருளைப் பார்த்து ஒப்பமிட்ட பிறகு. முகவர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

மைத்துனர் கடிதத்தின் அச்சுப் பிரதியோடும், இங்கே வசிப்பதற்கான அனுமதிப் பத்திரத்தோடும் விண்ணப்பித்தார். அச்சுப் பிரதி ஏற்கப்படும், ஆனால் மூலப் பிரதியைக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் அதையும் தபாலில் எடுப்பித்து வைத்திருந்தோம். கேட்கவில்லை. வீசா கிடைத்தது. மேசைகளில் நான்கின் கால்கள் மெல்லிய தகட்டில் செய்யப்பட்டிருந்ததை ஃபோஷானில் அவர்தான் கண்டுபிடித்தார். அந்த நான்கும் மாற்றப்பட்ட பிறகுதான் பணம் போனது.