உருளும் பகடையில் மேலே வரும் எண் எது?

பகடையைக் குலுக்கி வீசினால் எந்த எண் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே பகடையைத் தூக்காமல், கீழ் ஓரத்தில் சாய்த்துப் பக்கத்துக் கட்டத்துக்குப் புரட்டினால் கதையே வேறு. எந்தப் பக்கம் உருட்டினோம் என்று தெரிந்தால் போதும், மேலே நிற்கும் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

நினைவில் வைக்க வேண்டியவை மூன்றே எண்கள்: மேலே ஒன்று, எதிரே ஒன்று, வலப்பக்கம் ஒன்று. எதிரே என்பது நம்மைப் பார்க்காத, அந்தப் பக்கத்து முகம். பகடையில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 7 என்பதால் மற்ற மூன்றும் தாமாகவே தெரிந்துவிடும். மேலே 1, எதிரே 2, வலப்பக்கம் 3 என்று வைத்துத் தொடங்குவோம். அப்படியானால் அடியில் 6, நம் பக்கம் 5, இடப்பக்கம் 4. (கடையில் வாங்கும் பகடைகளில் இரண்டு விதம் உண்டு. உங்களுடையதில் 3 இடப்பக்கம் வந்தால், நான் வலம் என்னும்போதெல்லாம் இடமாகவும், இடம் என்னும்போதெல்லாம் வலமாகவும் மாற்றிக்கொள்ளுங்கள்.)

வலப்பக்கம் உருட்டினால் இடப்பக்க எண் மேலே ஏறும், மேலே இருந்தது வலப்பக்கம் இறங்கும், எதிரே இருப்பது அசையாது. ஆகவே நேராக வலப்பக்கமே போனால் 4, 6, 3, 1 என்று நான்கு உருட்டலில் ஒரு சுற்று முடிந்துவிடும். 50 முறை உருட்டினால்? 48 உருட்டல் வெறும் சுற்று, மிச்சம் இரண்டு. விடை 6. 2-உம் 5-உம் இந்த வழியில் மேலே வரவே வராது.

திரும்பும்போதுதான் சுவாரசியம். முதலில் வலம், பிறகு நம் பக்கம் உருட்டினால் மேலே 2. முதலில் நம் பக்கம், பிறகு வலம் என்றால் மேலே 4. போய்ச் சேர்ந்தது அதே கட்டம்தான்.

தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளிடம், எங்கள் புளோக்கின் கீழே உள்ள சதுரங்க மேசையில் வைத்து ஒரு பந்தயம் கட்டினேன். இரண்டுக்கு இரண்டு, மொத்தம் நாலே கட்டம். அதற்குள் எப்படி வேண்டுமானாலும் உருட்டி 6-ஐ மேலே கொண்டுவந்தால் ஒரு மைலோ டைனோசோர். வலம், நம் பக்கம், இடம், எதிர்ப்பக்கம் என்று ஒரு சுற்று சுற்றினாள். 4, 2, 1, 4. இன்னொரு சுற்று. திசையை மாற்றி மறுபடி. வந்ததெல்லாம் 1, 2, 4 மட்டும்தான். “நான் இன்னும் நூறு தடவை உருட்டலயே, முடியாதுன்னு எப்படிப்பா சொல்றீங்க?” என்றாள். நியாயமான கேள்வி. பல முறை வரவில்லை என்பது வராது என்பதற்குச் சான்றாகாது.

விடை பகடையின் ஒரு மூலையில் இருக்கிறது. நான்கு கட்டங்களும் சந்திக்கும் நடுப்புள்ளியைப் பாருங்கள். தொடக்கத்தில் பகடையின் கீழ் மூலை ஒன்று அந்தப் புள்ளியைத் தொட்டு நிற்கிறது. 3, 5, 6 மூன்றும் கூடும் மூலை அது. இந்த நான்கு கட்டத்துக்குள் எந்தப் பக்கம் உருட்டினாலும், நடுப்புள்ளியைத் தொடும் ஓரத்தின் மீதுதான் பகடை சாய்கிறது. அதனால் அந்த மூலை இடம்விட்டு அசைவதே இல்லை. தரையைத் தொடும் மூலையில் கூடும் முகங்கள் மேலே இருக்க முடியாதல்லவா? நூறு முறை அல்ல, ஆயிரம் முறை உருட்டினாலும் 6 வராது. ஒரு பொட்டை அந்த மூலையில் வைத்துக் காட்டியதும் அவளுக்குப் புரிந்தது.

உடனே, “அப்போ ஆறு கட்டம் குடுங்க” என்றாள். இரண்டுக்கு மூன்று. வலம், வலம், நம் பக்கம், இடம், இடம், எதிர்ப்பக்கம். மேலே வந்த எண்கள் 4, 6, 2, 4, 5, 6. இரண்டாவது உருட்டலிலேயே 6 வந்துவிட்டது. விளிம்போடு முழுச் சுற்றும் முடித்துப் புறப்பட்ட கட்டத்துக்கே திரும்பியபோதும் மேலே 6 இருந்தது. இரண்டு கட்டம் கூடியதும் அந்த மூலையின் பிடி விட்டுவிட்டது.

பலகை பெரிதாக இருந்தால் எந்தக் கட்டத்திலும் எந்த எண்ணையும் மேலே கொண்டுவரலாம். ஆனாலும் ஒரு தடை மிஞ்சும். ஒரு பகடை கட்டத்தில் உட்காரக்கூடிய விதங்கள் 24. ஒவ்வொரு உருட்டலும் அதைப் பன்னிரண்டு விதங்கள் கொண்ட ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தள்ளுகிறது, சதுரங்கப் பலகையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதைப் போலவே. ஆகவே புறப்பட்ட கட்டத்தில் அமரும் விதங்கள் பன்னிரண்டுதான். 1-இன் மேல் பேனாவால் ஓர் அம்பு வரைந்துவிட்டு, பலகை முழுக்க விருப்பம்போல் உருட்டி, 1 மேலே இருக்கும்படி அதே கட்டத்துக்குத் திரும்புங்கள். அம்பு முன்பு காட்டிய திசையையோ அதற்கு நேர் எதிர்த் திசையையோதான் காட்டும். பக்கவாட்டில் நின்றால், வழியில் யாரோ பகடையைத் தூக்கித் திருப்பி வைத்திருக்கிறார்கள்.