ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை?

மாதம் 100 அரிசி மூட்டை விற்கும் கடை. ஆண்டுக்கு 1,200. ஒவ்வொரு முறை சரக்கெடுக்கவும் வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி என்று 300 ரூபாய் போகிறது. 1,200 ரூபாய் மூட்டை ஒன்று ஆண்டு முழுக்கக் கிடந்தால் வட்டி 144, எலி, வண்டு, இடவாடகை 56. ஆக 200 ரூபாய்.

120 மூட்டையாக எடுத்தால் 10 நடை; செலவு 3,000. இருப்பு சராசரியாக 60. வைத்திருக்கும் செலவு 12,000. மொத்தம் 15,000. அறுபதாக எடுத்தால் நடை 20. இரண்டு செலவும் ஆளுக்கு 6,000, மொத்தம் 12,000. இதைவிடக் குறையாது. 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் வெளியிட்ட சூத்திரமும் இதையே தருகிறது: √(2 × 1200 × 300 ÷ 200) = 60.

துல்லியத்துக்காக மெனக்கெட வேண்டாம். 75 எடுத்தாலும் 300 ரூபாய்தான் கூடும். பெரும்பாலோர் வட்டியைக் கணக்கில் சேர்க்காமல்தான் கிட்டங்கியை நிரப்பிவிடுகிறார்கள்.

மொத்த வியாபாரி 120க்கு மூட்டைக்கு 5 ரூபாய் குறைத்தால்? ஆண்டில் 6,000 மிச்சம், கூடுதல் செலவு 3,000. தாராளமாக வாங்கலாம். பொங்கல், தீபாவளி நேரத்துக்கு மட்டும் தனிக்கணக்கு. விற்பனை சீராக இருக்கும்போதே இந்தச் சூத்திரம் பொருந்தும்.