எண்ணெயின் வயதை ஒரு சொட்டு சொல்லுமா?

புதிதாக ஆட்டிய செக்கு நல்லெண்ணெயில் 10 கிராம் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டோம். அதில் 50 மில்லி சூடான ஆல்கஹாலும் நாலைந்து சொட்டு பினால்ப்தலீனும் சேர்த்தோம். ப்யூரெட்டில் 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைப் பலமாகக் குலுக்க வேண்டும். எண்ணெய் ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. குலுக்காவிட்டால் அமிலம் எண்ணெய்க்குள்ளேயே தங்கிவிடும்.

எண்ணெய் என்பது கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்திருக்கும் பொருள். ஈரமும் விதையிலுள்ள நொதியும் அந்தப் பிணைப்பை அறுக்கும்போது அமிலங்கள் தனியே பிரிகின்றன. பிரிந்தவற்றைத்தான் காரம் தேடிப் பிடித்து நடுநிலையாக்குகிறது. எல்லாம் தீர்ந்ததும் அடுத்த சொட்டில் இளஞ்சிவப்பு வரும். அது அரை நிமிடம் நின்றால் போதும். பிறகு வெளுத்தால் மறுபடி ஊற்றக் கூடாது. காரம் எண்ணெயையே சோப்பாக்கத் தொடங்கியிருக்கும்.

எங்களுக்கு 4.1 மில்லி செலவானது. ஒரு மில்லியில் 5.61 மில்லிகிராம் காரம் இருப்பதால் மொத்தம் 23 மில்லிகிராம். 10 கிராமுக்கு வகுத்தால் கிராமுக்கு 2.3. இதுதான் அமில எண். சுத்திகரிக்காத, செக்கில் ஆட்டிய எண்ணெய்களுக்குச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு 4. சுத்திகரித்த எண்ணெய்க்கு 0.6.

அடுத்து, கடையில் வாங்கிய சுத்திகரித்த எண்ணெயைச் சோதித்தோம். 0.7 மில்லி ஆனது. அமில எண் 0.39. சந்தேகம் வந்து, எண்ணெயே இல்லாமல் அதே ஆல்கஹாலைச் சோதித்தபோது அதற்கே 0.3 மில்லி பிடித்தது! ஆல்கஹாலிலும் கொஞ்சம் அமிலம் இருக்கும். அதை முதலிலேயே இளஞ்சிவப்பு வரும்வரை நடுநிலையாக்கியிருக்க வேண்டும். கழித்துப் பார்த்தால் 0.22தான். செக்கெண்ணெயின் கணக்கிலும் இதே பிழை உண்டு; அங்கே 2.3 என்பது 2.1 ஆகும், அவ்வளவே.

அப்படியானால் 0.22 காட்டும் எண்ணெய்தான் புதியதா? இல்லை. சுத்திகரிக்கும்போது பிரிந்த அமிலங்களை நீக்கிவிடுகிறார்கள். அதனால் பழைய விதையின் எண்ணெயும் குறைந்த எண் காட்டலாம். செக்கெண்ணெயில் எண் கூடினால், நனைந்த எள்ளா, கசடு சரியாகத் தெளியாமல் ஈரத்தோடு டின்னில் அடைத்ததா என்று கேட்கலாம்.

சிக்கு வாடையோ பெரும்பாலும் வேறு வழியில் வருவது. காற்றும் வெளிச்சமும் பட்டு எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதன் தொடக்கத்தைப் பெராக்சைடு எண்தான் காட்டும். அமில எண் நன்றாக இருந்தும் மூக்கைச் சுளிக்க வைக்கும் எண்ணெய் உண்டு. ஆட்டிய அன்றே ஒருமுறை சோதித்துக் குறித்துவைத்து, மாதாமாதம் அதோடு ஒப்பிட்டால்தான் 2.1 என்ற எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கும்.