எந்தக் கல், டீச்சர்?

‘குதி’ என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதி, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் நீட்டுங்கள். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். பிள்ளை அட்டையைப் பார்க்கும், உங்கள் முகத்தைப் பார்க்கும், பிறகு குதிக்கும். அடுத்து ‘நாற்காலி’ என்று எழுதிய அட்டையைக் கொடுங்கள். இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. நாற்காலியிடம் போய்த் தொடலாம், அட்டையை அதன் மேல் வைக்கலாம், அவ்வளவுதான். முதல் சொல் பிள்ளையை எழுப்பியது. இரண்டாவது சொல் ஒரு பொருளைக் காட்டியது. வினைச்சொல், பெயர்ச்சொல் என்ற பெயர்களை நாம் இன்னும் சொல்லவே இல்லை.

வழக்கமான இலக்கண வகுப்பில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். முதலில் வரையறை, பிறகு எடுத்துக்காட்டு, பிறகு ‘கீழ்க்காணும் தொடர்களில் வினைச்சொற்களை அடிக்கோடிடுக’. மூன்று வயதிலேயே பெயரையும் வினையையும் பிசகாமல் பேசும் பிள்ளைக்கு, தான் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது போல இது படுகிறது. சலிப்பு அங்கேதான் பிறக்கிறது. சொல்லின் வேலை முதலில் தெரிய வேண்டும். அந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு என்று பிறகு சொன்னால், பிள்ளை அதை ஆர்வமாக வாங்கிக்கொள்ளும்.

அட்டையைப் படித்துச் செய்து காட்டும் இந்த முறையை விரிவாக வளர்த்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. ரோம் நகரின் சான் லொரென்ஸோ குடியிருப்பில் 1907-இல் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், செய்ய வேண்டிய காரியத்தைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். பிள்ளைகள் அதை மனத்துக்குள் வாசித்துவிட்டுச் செய்வார்கள். தொடக்கப் பள்ளிக்கான கல்வி குறித்து 1916-இல் அவர் வெளியிட்ட நூலில் இது சொல்வகை வாரியாக அட்டைகளும் பெட்டிகளும் கொண்ட முழு இலக்கணப் பாடமாகிவிட்டது. இன்றும் மாண்டிசோரி வகுப்புகளில் பெயருக்குக் கறுப்பு முக்கோணம், வினைக்குச் சிவப்பு வட்டம், பெயரடைக்கு அதைவிடச் சிறிய நீல முக்கோணம் என்று சொல்லுக்கு மேலே குறி வைக்கிறார்கள். 1939-இல் அவர் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் காரணமாகச் சில ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் வாழ்ந்தார்.

அவருடைய முறை தமிழுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. தமிழில் பெரும்பாலான வினைகளுக்கு ஏவலே பகுதி. ‘ஓடினான்’, ‘ஓடுகிறாள்’, ‘ஓடுவோம்’ எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற ‘ஓடு’தான் கட்டளையும் ஆகிறது. எனவே கட்டளை அட்டையைச் செய்து பழகும் பிள்ளை தன்னையறியாமல் பகுதியைப் பிரித்துப் பழகுகிறது. ‘வா’, ‘தா’ போன்ற சில மட்டும் கொஞ்சம் உருமாறும். முதல் நாளில் அவற்றைத் தள்ளிவைத்து குதி, சிரி, நில், ஊது, உட்கார் என்று தொடங்கலாம். இவை பழகியதும் நெருங்கிய வினைகளுக்குப் போக வேண்டும். நட, நொண்டு, தவழ், தாவு ஆகிய நான்கு அட்டைகளை நான்கு பேருக்குக் கொடுத்து, மற்றவர்கள் பார்த்துச் சொல்லட்டும். எறி, வீசு, உருட்டு, நழுவவிடு என்றால் ஒரு பந்து போதும். ஒரு வினைக்கும் அடுத்த வினைக்கும் உள்ள நூலிழை வேறுபாடு கையில் தெரியும். அகராதியால் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இதில் ஆசிரியர் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. அட்டையை அவரே உரக்கப் படித்துவிட்டால் பிள்ளை கேட்டதைச் செய்கிறது. எழுத்தைப் பார்ப்பதே இல்லை. அட்டை பேசட்டும், ஆள் பேசக் கூடாது.

பெயரும் வினையும் இப்படி எளிதாக வந்துவிடும். தடுமாற வைப்பது பெயரடை. ‘பெரிய’ என்ற அட்டையை நீட்டினால் பிள்ளை எதைச் செய்யும்? கையை அகல விரிக்கும்; அது நடிப்பு, இலக்கணம் ஆகாது. ‘பெரிய பந்தை எடு’ என்று எழுதி, மேசையில் ஒரே ஒரு பந்தை வைத்திருந்தாலும் பயனில்லை. ‘பந்து’ என்பதை மட்டும் படித்தே பிள்ளை எடுத்துவிடும். ‘பெரிய’ அங்கே வேலையில்லாமல் நிற்கிறது. பெயரடைக்கு வேலை வர வேண்டுமென்றால் அந்தப் பெயருக்கு உரிய பொருள் இரண்டாவது இருக்க வேண்டும். அவை இரண்டும் ஒரே ஒரு பண்பில் மட்டும் வேறுபட வேண்டும். பல வீட்டு விளையாட்டுகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

இதற்காக மாண்டிசோரி வகுப்புகளில் 63 முக்கோணங்கள் கொண்ட ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். ஏழு வடிவம், மூன்று அளவு, மூன்று நிறம். ‘முக்கோணம்’ என்று மட்டும் கேட்டால் 63-இல் எது வேண்டுமானாலும் சரி. ‘பெரிய’ சேர்ந்தால் 21 மிஞ்சும். ‘சிவப்பு’ சேர்ந்தால் 7. பக்கத்தையும் கோணத்தையும் சொல்லும் அடைகள் சேரும்போது ஒன்றே ஒன்று மிஞ்சும். ஒவ்வோர் அடையும் குவியலைக் குறைப்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. துப்பறியும் விளையாட்டு என்று அதற்குப் பெயர்.

நம் வீட்டில் அந்தப் பெட்டி வேண்டாம். இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டு கூழாங்கற்கள், பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பெரிய கல் சிறிய கிண்ணத்துக்குள் நுழையாத அளவில் இருக்க வேண்டும். இதை முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டினால் நல்ல கெட்டியான அட்டை கிடைக்கும். ஒவ்வொரு சொல்லும் தனி அட்டை.

முதலில் ‘கல்லை’, ‘எடு’ என்ற இரண்டை மட்டும் வையுங்கள். பிள்ளை இரண்டு கல்லையும் பார்த்துவிட்டு, “எந்தக் கல், டீச்சர்?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை ஏற்பாடும். வாயைத் திறக்காமல் ‘கல்லை’க்கு முன்னால் ‘சிறிய’ அட்டையைச் செருகுங்கள். பெயரடை என்பது ‘எந்த?’ என்ற கேள்விக்கு வரும் பதில் என்பதைப் பிள்ளை தானே கேட்டுத் தானே பெற்றுக்கொண்டது. கேட்காமல் ஏதோ ஒரு கல்லை எடுத்துவிட்டால் அதுவும் சரியே. அதே அட்டைகளை அடுத்த பிள்ளையிடம் கொடுத்து மற்ற கல்லை எடுக்க விடுங்கள். யார் சரி என்ற வழக்கு தானாகக் கிளம்பும்.

இனி ‘பெரிய / கிண்ணத்தில் / சிறிய / கல்லை / வை’ என்று ஐந்து அட்டைகள். பிள்ளை வைக்கிறது. இப்போது ‘பெரிய’, ‘சிறிய’ இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள். ‘சிறிய கிண்ணத்தில் பெரிய கல்லை வை.’ கல் நுழையாது! தப்பு என்று யாரும் சொல்லவில்லை, கிண்ணமே சொல்லிவிட்டது. பிறகு ‘வை’யைத் தூக்கி முன்னால் வைத்துப் பாருங்கள். ‘வை பெரிய கிண்ணத்தில் சிறிய கல்லை.’ பேச்சுத்தமிழ் போல ஒலித்தாலும் காரியம் மாறவில்லை. ‘பெரிய’வைக் கடைசிக்குக் கொண்டுபோனால்? ‘கிண்ணத்தில் சிறிய கல்லை வை பெரிய…’ தொடர் அந்தரத்தில் தொங்குகிறது. அடுத்து என்ன என்று பிள்ளை காத்திருக்கும். தமிழில் வினை ஓரளவு இடம் மாறலாம், பெயரடை தன் பெயருக்கு முன்னால்தான் நிற்க வேண்டும் என்ற விதி இப்படி மேசை மேலேயே கிடைத்துவிடுகிறது.

இந்தச் சொற்களைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ‘கல்லைப் போடு’ என்று எழுதினால் ஒற்று எந்த அட்டையில் வரும்? ‘போடு’ இடம் மாறினால் ‘ப்’ அநாதையாகிவிடும். உயிரெழுத்திலோ வகரத்திலோ தொடங்கும் எடு, உருட்டு, அடுக்கு, வை போன்ற வினைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெரிய, சிறிய, பழைய, புதிய ஆகியவற்றுக்குப் பின்னும் ஒற்று மிகாது. ‘சிவப்பு’ என்றால் ‘சிவப்புக் கல்’ ஆகிவிடும். நிறங்களைச் சில வாரம் தள்ளிவைப்பது நல்லது.

வண்ண அட்டையிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வினைக்கெல்லாம் சிவப்பு, பெயருக்கெல்லாம் கறுப்பு என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் சில நாளில் பிள்ளை சொல்லைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்தே பிரிக்கத் தொடங்கும். கண்டுபிடிப்பது எளிது: அதே சொற்களை ஒரே மையில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள். பிரிக்கும் வேகம் சட்டென்று விழுந்தால் கற்றது நிறம்தான். நிறமும் குறியும் விளையாடி முடித்தபின் வைக்கும் முத்திரையாக இருக்கட்டும்.

பிறகு இரட்டை வேடச் சொற்களை இறக்கலாம். ‘தட்டு’ என்ற அட்டையைப் பார்த்து ஒரு பிள்ளை மேசையைத் தட்டும், இன்னொன்று சமையலறைக்கு ஓடித் தட்டை எடுத்துவரும். ‘படி’, ‘ஆடு’, ‘ஓடு’, ‘கட்டு’ எல்லாம் இப்படித்தான். தனி அட்டையாக இருக்கும்வரை தீர்ப்புச் சொல்ல முடியாது; பக்கத்தில் ஓர் அட்டை வந்தால் தெரிந்துவிடும். ‘தட்டைத் தட்டு’ என்று முழுதாக ஒரே அட்டையில் எழுதிக் கொடுத்தால் எந்தத் தட்டு பெயர், எந்தத் தட்டு வினை என்பதில் சந்தேகமே வராது. ஒரு சொல் எந்த வகை என்பதைத் தொடரில் அது பார்க்கும் வேலைதான் தீர்மானிக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அட்டை விளையாட்டுக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. செய்து காட்டக் கூடியதுதான் வினை என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். ‘ஓட்டம்’ என்ற அட்டையைக் கொடுத்துப் பாருங்கள், உடனே ஓடும். ஆனால் அது பெயர். மாறாக ‘தெரி’, ‘புரி’ இரண்டும் வினைகள். அவற்றை நடித்துக் காட்ட எந்தப் பிள்ளையாலும் ஆகாது. இந்த இடத்தில் தொல்காப்பியம் தரும் அளவுகோல் கைகொடுக்கும்: வினை காலம் காட்டும், வேற்றுமை ஏற்காது, பெயர் வேற்றுமை ஏற்கும். இதையும் அட்டையாக்கலாம். ‘நேற்று’, ‘நாளை’ என்று இரண்டு, ‘-ஐ’ என்று ஒன்று. ஒவ்வொரு சொல்லையும் இந்த மூன்றோடும் சேர்த்துச் சொல்லிப் பார்க்கட்டும். ‘ஓடு’ நேற்று ‘ஓடினேன்’ ஆகும், நாளை ‘ஓடுவேன்’ ஆகும். ‘ஓட்டம்’ நேற்றும் ஓட்டமே, நாளையும் ஓட்டமே. ‘-ஐ’ சேர்த்தால் ‘ஓட்டத்தை’ என்று உடனே ஒட்டிக்கொள்ளும். ‘தெரி’ நேற்று ‘தெரிந்தது’, நாளை ‘தெரியும்’. நடிக்க முடியாவிட்டாலும் அது வினைக் குவியலுக்குத்தான் போகும்.