எந்தப் பிரிவு வழிவிட வேண்டும்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 3ஆம் பிரிவு ஒரே வரிதான். எல்லாக் குடிமக்களுக்கும் தகவல் பெறும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் அந்த வரி "இச்சட்டத்தின் வகைமுறைகளுக்கு உட்பட்டு" என்று தொடங்குகிறது. சில பக்கங்கள் தள்ளி வரும் 8(1) பிரிவோ "இச்சட்டத்தில் எது அடங்கியிருந்தபோதிலும்" என்று தொடங்கி, பத்து வகைத் தகவல்களைத் தர வேண்டிய கடமை இல்லை என்கிறது. ஒரு பிரிவு கொடு என்கிறது, இன்னொன்று கொடுக்காதே என்கிறது. எதைக் கேட்பது என்பதை அந்த முதல் சொற்களே தீர்த்துவிடுகின்றன.

"உட்பட்டு" என்று தொடங்கும் பிரிவு தானாகவே ஒதுங்கி வழிவிடுகிறது. "எது அடங்கியிருந்தபோதிலும்" என்று தொடங்கும் பிரிவு மற்றதை ஒதுங்கச் சொல்கிறது. பின்னதை வக்கீல்கள் நான் அப்ஸ்டான்டே வாசகம் என்பார்கள். அ என்ற பிரிவு ஆ-வுக்கு உட்பட்டது என்று எழுதினாலும், அ-வில் என்ன இருந்தாலும் ஆ செல்லும் என்று எழுதினாலும் முடிவு ஒன்றே. அறிவிப்புப் பலகை எந்த வாசலில் தொங்குகிறது என்பதுதான் வித்தியாசம். 3ஆம் பிரிவையும் 8(1)-ஐயும் எழுதியவர்கள் இரண்டு வாசலிலும் பலகை மாட்டிவிட்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு 8(1)தான் சட்டத்தின் உச்சம் என்று முடிவுகட்டும் தகவல் அலுவலர்கள் உண்டு. மனுதாரர்களிலும் பலர் அப்படியே நம்பி, மறுப்புக் கடிதம் வந்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். இந்த வாசகங்களைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். உண்மையிலேயே மோதல் இருக்கிறதா? இருந்தால், வாசகம் எதையெல்லாம் பெயர் சொல்லி ஒதுக்குகிறது?

முதல் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த சிபிஎஸ்இ வழக்கு காட்டுகிறது. 2008-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாணவர் ஒருவர், மதிப்பெண் குறைந்ததால் தன் விடைத்தாளைப் பார்க்கக் கேட்டார். சிபிஎஸ்இ மறுத்தது. விடைத்தாளைப் பார்வையிட எங்கள் விதிகளில் இடமில்லை என்பது ஒரு காரணம். நம்பிக்கைப் பொறுப்பில் தங்களிடம் இருக்கும் தகவலுக்கு 8(1)-இல் விலக்கு உண்டே என்பது இன்னொன்று.

நீதிமன்றம் இரண்டாவதை உரசிப் பார்த்தது. மாணவர் எழுதிய தாளை அந்த மாணவரிடமே மறைக்கும்படியான நம்பிக்கைப் பொறுப்பு எதுவும் தேர்வு வாரியத்துக்கு இல்லை என்றது. ஆக, அந்த விலக்கு இந்தத் தகவலைத் தொடவே இல்லை. தொடாத இடத்தில் மோதல் இல்லை. மோதல் இல்லாத இடத்தில் "எது அடங்கியிருந்தபோதிலும்" என்ற சொற்களுக்கு வேலையும் இல்லை. அந்தச் சொற்கள் ஒரு விலக்குக்கு முன்னுரிமை தரும். அதன் எல்லையை ஓர் அங்குலம்கூட நீட்டிக் கொடுக்காது.

விலக்கு விழுந்ததும் 3ஆம் பிரிவின் உரிமை எழுந்து நின்றது. மிச்சமிருந்தது வாரியத்தின் விதி. அதைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு பார்த்துக்கொண்டது. வேறு சட்டங்களிலோ அவற்றின் பலத்தில் நிற்கும் ஆவணங்களிலோ முரணாக எது இருந்தாலும் இந்தச் சட்டமே செல்லும் என்கிறது அது. 8(1) சொல்வது "இச்சட்டத்தில்" உள்ளவற்றைப் பற்றி. 22 சொல்வது வெளியே உள்ளவற்றைப் பற்றி. அதனால்தான் இரண்டாவது கேள்வியைக் கேட்கிறோம். ஒவ்வொரு வாசகமும் எவ்வளவு தூரம் கை நீட்டுகிறது என்பதை அதன் சொற்களிலேயே அளந்து பார்க்க வேண்டும்.

இனி 8(2)-க்கு வருவோம். அதிகம் கவனிக்கப்படாத பிரிவு இது. என் பார்வையில் மனுதாரருக்கு மிகவும் உதவக்கூடியதும் இதுதான். அதுவும் "இருந்தபோதிலும்" வகைதான். ஆனால் பொதுவாகப் பேசாமல், அலுவல் ரகசியச் சட்டம், 1923-ஐயும் 8(1)-இன் விலக்குகளையும் பெயர் சொல்லி ஒதுக்குகிறது. தகவலை வெளியிடுவதில் உள்ள பொதுநலன், அதனால் விளையும் தீங்கைவிடப் பெரியதானால் தரலாம் என்கிறது. 8(1) எல்லாவற்றையும் மீறுவதாகச் சொன்னாலும், அதையே குறிப்பிட்டு மீறும் 8(2)-க்கு அது வழிவிட வேண்டும். இல்லையென்றால் 8(2)-க்குச் செய்ய வேலையே இருக்காது. தனிநபர் தகவல் பற்றிய விலக்கில் முன்பு பொதுநலனுக்கென்று தனியே ஒரு வழி இருந்தது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கை மாற்றி எழுதியபோது அந்த வழியை எடுத்துவிட்டது. 8(2)-ஐ அது தொடவில்லை. எனவே தனிநபர் தகவல் என்று மறுப்பு வந்தால், மேல்முறையீட்டில் 8(2)-ஐப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பொதுநலன் என்ன, தீங்கு என்ன என்று இரண்டையும் எழுதிக் காட்ட வேண்டும். "தரலாம்" என்ற சொல் முடிவை அலுவலர் கையில் விடுகிறது என்பதால், வெறுமனே "பொதுநலன்" என்று எழுதினால் போதாது.

10(1) இன்னும் நுட்பமானது. அதிலும் "இச்சட்டத்தில் எது அடங்கியிருந்தபோதிலும்" என்று 8(1)-இன் அதே சொற்கள் இருக்கின்றன. இரண்டு வெவ்வேறு சட்டங்கள் இப்படி மோதினால் அவற்றின் நோக்கத்தையும், எது பிந்தியது என்பதையும் நீதிமன்றங்கள் பார்ப்பதுண்டு. இங்கே இரண்டும் ஒரே சட்டத்தில், ஒரே நாளில் பிறந்தவை. அதனால் நோக்கம்தான் துணை. விலக்கு உள்ள தகவல் என்று சொல்லி மனுவை மறுக்கும் இடத்தில்தான் 10(1) பேசத் தொடங்குகிறது. அந்தப் பகுதியைப் பிரித்தெடுத்துவிட்டு மீதியைத் தரலாம் என்கிறது. 8(1) காக்கும் பகுதி காக்கப்பட்டபடியே இருக்கும்; அதோடு ஒட்டியிருந்ததால் மறைந்த பகுதி வெளியே வரும்.

சிபிஎஸ்இ வழக்கிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். திருத்தியவர் யார் என்று தெரிந்தால் அவருக்கு ஆபத்து வரலாம் என்பதால், அவர் பெயருக்கு 8(1)-இல் உயிர்ப் பாதுகாப்பு பற்றிய விலக்கு பொருந்தும் என்றது நீதிமன்றம். அதற்காக முழுத் தாளையும் பூட்டி வைக்கவில்லை. திருத்தியவர், சரிபார்த்தவர் ஆகியோரின் பெயர், கையெழுத்து, குறியீட்டு எண் உள்ள இடங்களை நீக்கியோ மூடியோ விட்டுத் தாளைக் காட்டச் சொன்னது.

8(3) பிரிவு மறுபடி "உட்பட்டு" வகை. கேட்கும் நாளுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது பற்றிய தகவலைத் தர வேண்டும் என்கிறது. ஆனால் 8(1)-இன் மூன்று விலக்குகளுக்கு மட்டும் உட்பட்டு. நாட்டின் பாதுகாப்பு முதலியவை, நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமை மீறல், அமைச்சரவைக் கோப்புகள் என்பன அந்த மூன்று. பெயர் சொல்லாத மற்ற ஏழும் இருபது ஆண்டு முடிந்ததும் உதிர்ந்துவிடும். 2001-இல் நடந்த ஒப்பந்தப்புள்ளிக் கோப்பை 2022-இல் கேட்டவரிடம் வணிக ரகசியம் என்று மறுக்க முடியாது. அதே கோப்பில் ஓர் அமைச்சரவைக் குறிப்பு இருந்தால் அதைப் பற்றிய விலக்கு மட்டும் தொடரும்.

இதைக் கொண்டு, இருபது ஆண்டுக்கு எல்லா ஆவணங்களையும் வைத்திருக்க வேண்டும் என்று 8(3) சொல்வதாக வாதிட முடியுமா? முடியாது என்று அதே சிபிஎஸ்இ தீர்ப்பு சொல்லிவிட்டது. 8(3) விலக்குகளுக்குக் காலவரம்பு வைக்கிறதே தவிர, ஆவணத்தின் ஆயுளை நீட்டுவதில்லை. அந்த வழக்கின்போது இருந்த சிபிஎஸ்இ விதிப்படி விடைத்தாள்களை மூன்று மாதம் வைத்திருந்தால் போதுமானதாக இருந்தது. ஆகவே விடைத்தாளைப் பார்க்க விரும்புகிறவர், தேர்வு வாரியம் தாளை எத்தனை நாள் வைத்திருக்கும் என்று முதலில் விசாரித்துக்கொண்டு, அந்த நாளுக்குள் மனுவைக் கொடுத்துவிட வேண்டும்.