சத்தம் இருக்கிறது, இழுப்பு இல்லை

சிம்னி வாங்கிய முதல் வாரம் மிளகாய் தாளித்தாலும் பக்கத்து அறையில் யாரும் இருமுவதில்லை. ஆறேழு மாதம் கழித்து அதே சிம்னி அதிக வேகத்தில் ஓடும்போதும் நெடி கூடம் வரை வருகிறது, மேல் அலமாரிகளில் பிசுக்கு ஏறுகிறது. "மோட்டார் போயிடுச்சு" என்று வீட்டில் தீர்மானித்துவிடுகிறார்கள். மோட்டார் பழுதாவதும் உண்டு. ஆனால் காற்று வெளியே போகும் வழியில் எங்கோ தடை ஏற்பட்டிருப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் காரணம். அந்தத் தடை எங்கே இருக்கிறது என்பதைப் பழுது பார்ப்பவரைக் கூப்பிடும் முன் நாமே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். மணிக்கு 1200 கன மீட்டர் என்று போட்டிருந்தால், குழாயே மாட்டாமல் திறந்த வெளியில் அந்த விசிறி தள்ளக்கூடிய காற்றின் அளவையே அது பெரும்பாலும் குறிக்கிறது. ஃபில்டர், குழாய், வளைவு, வெளிச்சுவரில் மாட்டும் மூடி என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது அந்த அளவு குறைந்துகொண்டே வரும். அதனால் குறுகலான நீளக் குழாயில் பூட்டிய 1400 சிம்னியைவிட, நேராகச் சுவரைத் தாண்டி வெளியே போகும் 1000 சிம்னி நன்றாக இழுக்கும். கடையில் எண்ணைப் பார்த்து இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர்கள், குழாய் போகும் பாதையைப் பற்றிக் கேட்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாதாரணமாகக் காணும் அமைப்பு இது. அடுப்பு உள்சுவரை ஒட்டி இருக்கிறது. ஹூடின் தலையிலிருந்து குழாய் அரை மீட்டர் மேலே ஏறி, பரணுக்கு மேல் பக்கவாட்டில் திரும்புகிறது. அங்கிருந்து மூன்று மீட்டர் ஓடி வெளிச்சுவரைத் தொடுகிறது. ஆனால் அந்த இடத்தில் துளை இல்லை. பழைய எக்ஸாஸ்ட் ஓட்டை ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே குழாய் மூலையில் மறுபடி திரும்பி, அந்த ஒரு மீட்டரைக் கடந்து, மூன்றாவது முறையாகத் திரும்பி வெளியே போகிறது. அந்த ஓட்டையை மூடிவிட்டு நடுவில் விட்டிருக்கும் வட்டமோ 4 அங்குலம்தான். சிம்னியின் வாய் 6 அங்குலம் என்பதால் நடுவில் ஒரு குறுக்கியைப் போட்டு இணைத்திருக்கிறார்கள்.

இதில் நேர்க்குழாயின் நீளம் நாலரை மீட்டர். செங்குத்தாகத் திரும்பும் ஒவ்வொரு வளைவும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நேர்க்குழாய் தரும் தடையைத் தரும். வளைவு கூர்மையாகவோ நசுங்கியோ இருந்தால் அதற்கும் மேல். அப்படியானால் விசிறியைப் பொறுத்தவரை அது நாலரை மீட்டர் குழாயில் ஊதவில்லை, பத்தரை மீட்டர் குழாயில் ஊதுகிறது. கடைசியில் இருக்கும் 4 அங்குலக் கழுத்து இன்னும் மோசம். 6 அங்குல வட்டத்தின் பரப்பில் பாதிகூட 4 அங்குல வட்டத்துக்குக் கிடையாது. அதே அளவு காற்று அதன் வழியே போக வேண்டுமானால் இரண்டேகால் மடங்கு வேகத்தில் போக வேண்டும். வேகம் கூடக் கூடத் தடை அதன் வர்க்கமாகக் கூடுவதால், அந்தக் கழுத்தில் மட்டும் தடை ஐந்து மடங்காகிறது. இவ்வளவு அழுத்தத்தை வீட்டுச் சிம்னியின் விசிறியால் தர முடியாது. ஆகவே போகும் காற்று குறைந்துவிடுகிறது.

இந்த வீட்டுக்குத் தீர்வு புதுச் சிம்னி இல்லை. குழாய் முதலில் வெளிச்சுவரைத் தொடும் இடத்திலேயே 6 அங்குலத் துளை போட்டால், இரண்டு வளைவுகளும் ஒரு மீட்டர் குழாயும் அந்தக் கழுத்தும் ஒரே வேலையில் போய்விடும். மிச்சம் இருப்பது மூன்றரை மீட்டர் குழாயும் ஒரு வளைவும். கணக்கில் ஐந்தரை மீட்டர், அதாவது பழைய தடையில் பாதிதான். துளை போடும் முன் அந்த இடத்தில் தூணோ பீமோ வருகிறதா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் அனுமதியும் வேண்டும். கான்கிரீட் தூணைத் துளைத்துவிட்டால் அது சிம்னியைவிடப் பெரிய சிக்கல்.

குழாயின் வகையும் இதில் சேரும். வீடுகளில் மாட்டுவது பெரும்பாலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் அலுமினியக் குழாய். அதை முழுதாக இழுத்து நீட்டி மாட்டினால் பரவாயில்லை. பத்து அடிக் குழாயை வாங்கி ஆறு அடி தூரத்துக்குள் அப்படியே சுருக்கித் திணித்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மடிப்புகள் நெருங்கி நின்று காற்றை ஒவ்வொரு அங்குலத்திலும் உரசுகின்றன. நடுவில் குழாய் தொய்ந்தால் அந்தப் பள்ளத்தில் எண்ணெய் தேங்கும். தேங்கிய எண்ணெய் வழியை அடைப்பதோடு, அடுப்புத் தீ மேலே தாவினால் பற்றிக்கொள்ளவும் கூடும். மிச்சக் குழாயை வெட்டி எறியச் சொல்லுங்கள். தொய்வு வராதபடி இடையிடையே பட்டை போட்டுத் தாங்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் இலேசாகச் சரிந்திருந்தால் குழாயில் படியும் எண்ணெய் திரும்பி ஹூடுக்குள் வழியாது. உட்புறம் வழவழப்பான கெட்டிக் குழாய் மாட்ட இடம் இருந்தால் அதுவே மேல். என்னைக் கேட்டால் பத்து அடி நீளம், இரண்டு வளைவு, அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

நன்றாக இழுத்துக்கொண்டிருந்த சிம்னி படிப்படியாக மந்தமானால், முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர். மெஷ் ஃபில்டர் என்பது அலுமினிய வலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. எண்ணெய் அந்தச் சிறு கண்களிலேயே படிவதால் அழுக்கு சேரச் சேர வழி அடைபடும். பேஃபிள் ஃபில்டர் வேறு விதம். வளைந்த தகடுகளுக்கு நடுவே காற்று சட்டென்று திரும்ப வேண்டியிருக்கும். எண்ணெய்த் துளிகள் கனமானவை என்பதால் காற்றோடு திரும்ப முடியாமல் தகட்டில் மோதி, வழிந்து, கீழே இருக்கும் கிண்ணத்தில் இறங்கும். காற்றுக்கு இடைவெளி மிஞ்சுவதால் இது சீக்கிரம் அடைபடாது. தாளிப்பும் வறுவலும் தினமும் நடக்கும் நம் சமையலுக்கு இதுதான் பொருத்தம். ஆனாலும் கழுவாமல் விட்டால் தகடுகளின் ஓரம் பசை போல இறுகிவிடும்.

மெஷ் என்றால் வாரம் ஒரு முறையும், பேஃபிள் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறையும் கழுவுவது சரியான கணக்கு. பொரித்தெடுக்கும் பண்டிகை நாட்களுக்குப் பிறகு உடனே கழுவிவிடலாம். ஸ்டீல் பேஃபிளை, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்று அதிகமான வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவமும் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவும் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தால் பிசுக்கு தானாக இளகும். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். அலுமினிய மெஷுக்குச் சலவை சோடா வேண்டாம். காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கிகள் அறவே வேண்டாம். அவை உலோகத்தைக் கறுக்கவைத்து அரித்துவிடும். வெந்நீரும் பாத்திரத் திரவமும் மட்டும் போதும், இரண்டு முறை ஊறவைக்க நேர்ந்தாலும் சரி. இரும்பு நார் போட்டுத் தேய்த்தால் வலை கிழியும். ஈரம் முழுதும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

"எங்களுடையது ஆட்டோ கிளீன், கழுவ வேண்டாம் என்றார்களே" என்று பலர் சொல்கிறார்கள். அந்தப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் சூடேற்றி, விசிறிப் பகுதியில் படிந்த எண்ணெயை இளக்கிக் கிண்ணத்தில் இறக்குகிறது. பேஃபிள் ஃபில்டர் இருந்தால் அதை நாம்தான் கழுவ வேண்டும். குழாய்க்குள் படிந்திருப்பதை அந்தச் சூடு எட்டாது. கிண்ணத்தைக் காலி செய்ய மறந்தால் எண்ணெய் அடுப்பிலேயே சொட்டும்.

இப்போது தடை எங்கே என்று கண்டுபிடிக்கும் முறைக்கு வருவோம். அடுப்பை அணைத்துவிட்டு, சிம்னியை அதிக வேகத்தில் போட்டு, வெளிச்சுவரில் காற்று வெளியேறும் இடத்தைப் போய்ப் பாருங்கள். மூடியின் இறக்கைகள் நன்றாகத் தூக்கி நின்று கையில் காற்று பலமாக அடித்தால் குழாயில் குறையில்லை. இறக்கைகள் பிசுக்கில் ஒட்டியிருக்கலாம், உள்ளே புறா கூடு கட்டியிருக்கலாம், பூச்சி வராமல் இருக்கப் போட்ட வலை எண்ணெயும் தூசியும் சேர்ந்து சுவராகவே மாறியிருக்கலாம். வெளியே சரியாக இருந்தால் உள்ளே வந்து, ஒரு ஊதுபத்தியை ஹூடுக்கு ஒரு சாண் கீழே பிடித்து, புகை எந்த வேகத்தில் மேலே போகிறது என்று பாருங்கள். பிறகு சிம்னியை நிறுத்தி, ஃபில்டரைக் கழற்றிவிட்டு மறுபடி அதே இடத்தில் பிடியுங்கள். இழுப்பு சட்டென்று கூடினால் குற்றவாளி ஃபில்டர்தான். கையையும் துணியையும் விசிறிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஃபில்டர் இல்லாமல் சமைக்கவும் கூடாது.

ஃபில்டர் இல்லாமலும் மந்தமாகவே இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹூடின் தலையில் குழாயை மாட்டிய கிளாம்பைத் தளர்த்திக் குழாயை நீக்குங்கள். அங்கே ஒரு சிறிய தட்டு, வெளிக்காற்று திரும்பி வராமல் தடுப்பதற்காக இருக்கும். புதிதாக மாட்டிய சிம்னியில் அதை ஒட்டிவைத்த டேப்பைப் பிரிக்காமலே விட்டுவிடுவது உண்டு. பழைய சிம்னியில் அது பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். தட்டு தடையின்றி அசையும்படி செய்துவிட்டு, குழாய் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். மேலே காற்று பீறிட்டு வந்தால் மோட்டார் நலம், குழாயைத்தான் சரிசெய்ய வேண்டும். அப்போதும் மெதுவாகவே வந்தால் விசிறியில் எண்ணெய் அப்பியிருக்கலாம், அல்லது கெபாசிட்டர் தளர்ந்து மோட்டார் உரிய வேகத்தை எட்டாமல் இருக்கலாம். பழுது பார்ப்பவரைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான்.

சத்தத்தை வைத்து ஏமாற வேண்டாம். குழாய் அடைபட்டால் விசிறி தள்ள வேண்டிய காற்று குறைகிறது. சுமை குறைந்த மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றி, வழக்கத்தைவிடக் கீச்சென்று கத்தும். அதைக் கேட்டு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துவிடுகிறோம். கெபாசிட்டர் தளர்ந்தால் இதற்கு நேர்மாறாகக் குரல் தாழ்ந்து முனகும்.

எல்லாம் சரியாக இருந்தும் புகை அறையில் சுற்றினால், வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். கதவும் ஜன்னலும் இறுக மூடிய சமையலறையில் விசிறிக்கு இழுக்கக் காற்றே இருக்காது. கதவைத் திறந்ததும் இழுப்பு கூடினால் காரணம் அதுவே. அடுப்பை ஒட்டிய ஜன்னலைத் திறந்தால் குறுக்குக்காற்று புகையை ஹூடுக்கு வெளியே தள்ளிவிடும். சற்றுத் தள்ளி இருக்கும் கதவோ ஜன்னலோ திறந்திருப்பது நல்லது. சமைக்கும்போது மின்விசிறி வேண்டாம். ஹூடும் அடுப்பிலிருந்து இரண்டே கால் முதல் இரண்டரை அடிக்குள் இருக்க வேண்டும்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே அடுப்பு வரும் இடத்தை முடிவு செய்து, அதற்கு நேர் பின்னால் அல்லது மிக அருகில் உள்ள வெளிச்சுவரில் 6 அங்குலக் குழாய்க்கு ஏற்ற துளை விடச் சொல்லுங்கள். மேஸ்திரி 4 அங்குல பிவிசி குழாயைப் பதித்துவைப்பதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.