தெரிந்தது முன்னே, புதியது பின்னே

பின்வரும் நான்கு வாக்கியங்களில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. தகவல்களும் சரியானவைதான்.

"மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்ற பெயர் அந்த அணையில் தேங்கும் நீர்ப்பரப்புக்கு உண்டு. ஜூன் 12 டெல்டா பாசனத்துக்கு இந்த நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள். குறுவை நெல்லை டெல்டா விவசாயிகள் நடுவது அந்தத் தண்ணீரை நம்பித்தான்."

இருந்தும் ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்குப் பிறகும் வாசிப்பு தட்டுகிறது. இரண்டாம் வாக்கியம் 'ஸ்டான்லி' என்று தொடங்கும்போது, அணைக்கும் அந்தப் பெயருக்கும் என்ன தொடர்பு என்று வாசகருக்குத் தெரியாது. மூன்றாவது 'ஜூன் 12' என்று தொடங்குகிறது, நான்காவது 'குறுவை' என்று தொடங்குகிறது. எங்கே பொருத்துவது என்று தெரியாத ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, வாக்கியம் முடியும்வரை வாசகர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தகவலைக் கூட்டாமல் குறைக்காமல் வரிசையை மட்டும் மாற்றினால் இப்படி வரும்:

"மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த அணையில் தேங்கும் நீர்ப்பரப்புக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். இந்த நீர்த்தேக்கத்திலிருந்து டெல்டா பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அன்று திறக்கும் தண்ணீரை நம்பித்தான் டெல்டா விவசாயிகள் குறுவை நெல் நடுகிறார்கள்."

முந்தைய வாக்கியம் எதில் முடிந்ததோ அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது தொடங்குகிறது. வாசகர் ஏற்கெனவே அறிந்தது முன்னால் வருகிறது, புதிதாகச் சொல்ல வேண்டியது பின்னால் வருகிறது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிராக் நகரத்து மொழியியலாளர் விலேம் மாதேசியுஸ் வாக்கியத்தை இந்தக் கண்ணோட்டத்தில்தான் பகுத்துப் பார்த்தார். எழுவாய், பயனிலை என்ற இலக்கணப் பிரிவோடு நிற்காமல், எதைப் பற்றிய பேச்சு, அதைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்றும் அவர் வாக்கியத்தை இரண்டாகப் பிரித்தார்.

இது வெறும் நடையழகு தானா? 1974இல் சூசன் ஹாவிலண்டும் ஹெர்பர்ட் கிளார்க்கும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 'பீர் சூடாக இருந்தது' என்ற வாக்கியத்தைச் சிலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். காரிலிருந்து பீரை எடுத்தோம் என்ற வாக்கியத்துக்குப் பின் வந்தபோது அது சட்டென்று புரிந்தது. உல்லாசப் பயணத்துக்கான சாமான்களைச் சரிபார்த்தோம் என்பதற்குப் பின் வந்தபோது புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் பிடித்தது. அந்தச் சாமான்களில் பீரும் இருந்திருக்க வேண்டும் என்று வாசகர் தாமாகவே ஊகித்து இணைக்க வேண்டியிருந்ததுதான் காரணம்.

இந்த வரிசையை அமைப்பதற்குத் தமிழில் வசதி அதிகம். செயப்படுபொருளை முன்னால் கொண்டுவர ஆங்கிலத்தில் பெரும்பாலும் செயப்பாட்டு வினையை நாட வேண்டும். தமிழிலோ வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே வருவதால், சொல்லை எங்கே நகர்த்தினாலும் பொருள் மாறாது. "திருக்குறளை ஆங்கிலத்தில் ஜி.யு.போப் மொழிபெயர்த்தார்" என்று எழுதலாம். "போப்பால் மொழிபெயர்க்கப்பட்டது" என்று சுற்றி வளைக்கத் தேவையில்லை.

ஆனால் தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிகிறது. ஆகவே 'கடைசியில் புதியது' என்றால், பல இடங்களில் வினைக்கு நேர் முன்னால் உள்ள இடம் என்று பொருள். மேலே 'போப்' நிற்பது அங்கேதான். குறளைப் பற்றிய பத்தியில் மொழிபெயர்த்தது யார் என்று சொல்ல அந்த வாக்கியம் பொருந்தும். போப்பைப் பற்றிய பத்தியென்றால் "போப் ஆங்கிலத்தில் திருக்குறளை மொழிபெயர்த்தார்" என்று புரட்டிப் போட வேண்டும்.

பேச்சில் வேறு மாதிரியும் நடக்கும். "வந்துட்டாரா மாமா?" என்று கேட்கும்போது, இருவருக்கும் தெரிந்த மாமா வினைக்குப் பின்னே போய்விடுகிறார். குரலின் ஏற்ற இறக்கம் அங்கே கைகொடுக்கிறது. எழுத்தில் அந்தத் துணை இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டே போனால் பத்தி தடம் மாறிவிடும். அணையில் தொடங்கியது நீர்த்தேக்கம், டெல்டா, குறுவை என்று நகர்ந்து, நெல் விலையில் போய் நிற்கலாம். அணையைப் பற்றியதுதான் கட்டுரை என்றால், சில வாக்கியங்கள் 'இந்த அணை' என்றே தொடங்குவது நல்லது. அதுவும் வாசகருக்குத் தெரிந்ததுதான்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் இரண்டு மூன்று சொற்களை மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். அந்தச் சொற்களை வாசகர் அதற்கு முன் சந்திக்கவே இல்லை என்றால், வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டிய இடம் அதுதான்.